பில்லில் கடை விலை, கையில் பழைய சாமான்: வெள்ளவத்தைக் கராஜ் ஒன்றின் கதை

பின்னணி

காலி வீதிக்கும் ஹவ்லொக் வீதிக்கும் இடையில் உள்ள ஒரு குறுக்கு ஒழுங்கையில் இருக்கிறது இந்தக் கராஜ். இரண்டு ஹொயிஸ்ட், ஒரு சேர்விஸ் குழி, நான்கு பாஸ்மார், இரண்டு உதவிப் பெடியன்கள். அப்பா தொடங்கியது, இப்போது மகன் நடத்துகிறார். வருவதெல்லாம் பெரும்பாலும் அக்ஸியோ, அக்வா, விட்ஸ், வகன் ஆர் மாதிரியான வாகனங்கள். ஆட்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் குடும்பங்கள்.

முதலாளி என்னிடம் வந்தது 2023இல். அவர் கேட்டது புதுப் பெயர்ப்பலகை, புது லோகோ, பேஸ்புக்கில் கொஞ்ச விளம்பரம். வேலைக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஊரில் ஓடியதெல்லாம் வருடா வருடம் பழசாகிக்கொண்டே போன வாகனங்கள்தான், ஆகவே கராஜ்களுக்கு வேலை கூடியிருந்தது. ஆனால் ஒரு தடவை வந்தவர் மறுபடி வருவது குறைந்துகொண்டே போனது. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டியபோது சாமான் விலையும் வாரத்துக்கு வாரம் ஏறியது. திங்கட்கிழமை சொன்ன விலை வெள்ளிக்கிழமை இல்லை, அதை ஆட்கள் டொலரின் கணக்கில் எழுதவில்லை, கராஜின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அவர் ஒரு வாசகமும் எழுதி வைத்திருந்தார். நேர்மை, நம்பிக்கை, இரண்டு தலைமுறை என்று போனது அது. நான் அதைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கொஞ்ச நாள் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருக்க விடுங்கள் என்றேன்.

பார்த்தது

முதலில் கண்ணில் பட்டது, யாருமே தனியாக வருவதில்லை. வாகனம் ஓட்டுகிறவர் பெண் என்றால் கூடவே ஒரு அண்ணனோ மச்சானோ வருவார், இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் தம்பி போனில் இருப்பார், பாஸ் சொல்வதை ஸ்பீக்கரில் போட்டு அங்கே கேட்பிப்பார்கள். ஆண்கள் வந்தால் வாகனத்தின் பக்கத்திலேயே நிற்பார்கள். வெயிலில், ஒயில் மணத்தில், இரண்டு மணித்தியாலம். உள்ளே ஃபேன் போட்டு நாற்காலி வைத்திருந்தும் யாரும் போய் உட்காரவில்லை. அது காவல் நிற்பது.

அடுத்து, திரும்பி வராதவர்களின் நம்பர்களைக் கொப்பியிலிருந்து எடுத்துப் பேசினேன். விலை கூட என்று சொன்னவர்கள் கொஞ்சப் பேர்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னதுதான் பலரும் வேறு வேறு விதமாகச் சொன்னது: "மாத்தினவையோ இல்லையோ எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி? சத்தம் நிண்டது உண்மை. ஆனா அந்தச் சாமான் மாத்தித்தான் நிண்டதோ?"

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு தனி வகையே உண்டு. 1973இல் டார்பி, கார்னி என்ற இரண்டு பேர் ஒரு கட்டுரையில், வாங்கிப் பாவித்த பிறகும் தரம் தெரியாத சேவைகள் என்று ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார்கள், வாகனத் திருத்தம் அதில் எல்லாரும் சொல்லும் உதாரணம். சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டதும் தெரிந்துவிடும், இங்கே வேலை முடிந்தும் தெரியாது. ஆகவே சந்தேகப்படுகிறவரை "நம்புங்கோ" என்று சொல்லி மாற்ற முடியாது, அவரிடம் நம்புவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் விஷயத்தின் வேர். கராஜ் காசு எங்கே உழைக்கிறது என்பது. லேபர் சார்ஜை ஆட்கள் அடித்துப் பேசிப் பேசி வருடக்கணக்காக ஏறவே விடவில்லை. சாமான் விலையைப் பற்றி யாரும் அவ்வளவு பேரம் பேசுவதில்லை, கடை விலை என்று நினைக்கிறார்கள். ஆகவே இலாபம் மெல்ல மெல்ல சாமானுக்குள் போய் ஒளிந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் கடை கராஜுக்குக் கழிவு போட்டுக் கொடுக்கும், பில்லில் ஆளுக்குக் காட்டுவது முழு விலை. ஆளே போய் வாங்கினாலும், அனுப்பிய பாஸுக்குக் கடை ஒரு கொமிஷன் ஒதுக்கி வைக்கும். இதில் முதலாளி மட்டும் குற்றவாளி இல்லை. லேபரை நசுக்கிய நாங்களும் சேர்ந்துதான் அவரை அந்தப் பக்கம் தள்ளினோம்.

விளைவு என்னவென்றால், ஒரு சாமானை மாற்றச் சொன்னால் பாஸுக்கு வருமானம், மாற்றத் தேவையில்லை என்று சொன்னால் ஒன்றும் இல்லை. இந்த அமைப்புக்குள் நல்ல மனிதர்கூட இரண்டு மனதாக நிற்கும் இடங்களில் "மாத்துவம்" என்றே சொல்வார். அமெரிக்காவில் 1992இல் கலிபோர்னியா அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர் போல வாகனங்களை அனுப்பிப் பார்த்து, சியர்ஸ் நிறுவனத்தின் திருத்துமிடங்கள் தேவையில்லாத வேலை செய்வதாகக் குற்றம் சாட்டினார்கள். அங்கேயும் ஊழியர்களுக்கு விற்ற அளவுக்குக் கொமிஷனும் இலக்கும் வைக்கப்பட்டிருந்தன. நிறுவனம் பிறகு அந்தக் கொமிஷன் முறையைக் கைவிட்டது. பெரிய பெயர், நல்ல யூனிபோர்ம், ஏசி போட்ட வரவேற்பறை எல்லாம் இருந்தும் நடந்தது அது.

எடுத்த முடிவுகளும் ஏன் என்பதும்

நேர்மை என்ற சொல்லை எங்கேயும் போடுவதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். ஏமாற்றுகிற கராஜும் அதே சொல்லைத்தான் போடும், ஆகவே அதைப் பார்க்கிறவருக்குக் கூடுதலாக ஒன்றும் தெரிய வராது. அதற்குப் பதிலாக ஆளே சரிபார்க்கக்கூடிய சின்ன வாக்குறுதி வேண்டும், மீறினால் அன்றைக்கே பிடிபடக்கூடியதாக இருக்க வேண்டும். பலகையில் கடைசியில் வந்தது ஒரே வரி: "கழற்றிய சாமானும் கடை பில்லும் உங்கள் கையில்." பெயரை மாற்றவில்லை, அப்பாவின் பெயர் ஊரில் தெரிந்த பெயர்.

அந்த வரி உண்மையாக நிற்க வேண்டுமென்றால் காசு வரும் வழி மாற வேண்டும். சாமான் இனிக் கழிவு போக வாங்கிய விலைக்கே பில்லில் ஏறும், கடையின் பில் கூடவே குத்தியிருக்கும். முதலாளி இதற்குப் பத்து வீதம் கையாளும் கூலி போடலாம் என்றார். நான் மறுத்தேன். வீதம் என்றால் விலை கூடிய சாமானைப் போட்டால் கராஜுக்குக் கூடக் கிடைக்கும், பழைய நோய் அதே இடத்தில் இருக்கும். ஆகவே என்ன சாமான் வாங்கினாலும் ஒரு வேலைக்கு 750 ரூபா, பெடியன் பைக்கில் பஞ்சிகாவத்தைக்குப் போய் வருகிற கூலி, அவ்வளவுதான். இழந்த இலாபத்தை லேபரில் ஏற்றி, அடிக்கடி வரும் வேலைகளின் லேபர் விலையைச் சுவரில் எழுதினோம்.

கொமிஷன் நிறுத்தப்பட்டது. பாஸ்மாருக்குச் சம்பளம் கூட்டி, ஒரு மாதத்துக்குள் அதே கோளாறோடு திரும்பி வரும் வாகனம் இல்லாவிட்டால் மேலதிகமாக ஒரு தொகை என்று வைத்தோம். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பேச்சுவார்த்தை. மூத்த பாஸ் ஒருவர், இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர், ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கொமிஷன்தான் பிள்ளைகளின் டியூஷன் காசு, புதுச் சம்பளம் அதற்குச் சமம் என்று காட்டியும் அவர் நம்பவில்லை. போய்விட்டார், அவரோடு சில வாடிக்கையாளர்களும் போனார்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும், படங்களோடு, மூன்று பிரிவாக: இப்போது செய்ய வேண்டியது, அடுத்த சேர்விஸுக்குப் பார்க்கலாம், பிரச்சினை இல்லை. மூன்றாவது பிரிவை வெறுமையாக விடக்கூடாது என்று கட்டாயம் வைத்தோம். பிரேக் பேட் என்றால் வேர்னியரைப் பிடித்து எடுத்த படம்: புதுசில் பத்து மில்லிமீற்றர் அளவில் இருக்கும், மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும், இது ஆறு, விடலாம். காசு வரக்கூடிய இடத்தில் வேண்டாம் என்று சொல்வதை ஆட்கள் மறப்பதில்லை. ஆள் "சரி" என்று பதில் போடும் வரை ஸ்பானர் எடுக்கக்கூடாது.

சாமானின் தரத்தையும் அந்தச் செய்தியிலேயே பிரித்துச் சொல்ல வைத்தோம்: கம்பனிப் பெட்டியில் வருவது, ஜப்பானில் வேறு கம்பனி செய்தது, சைனா, ஜப்பானில் கழற்றி வந்த ரீகண்டிஷன். முன்பு ஆள் போனில் கடைக்கு அடித்து விலை கேட்டால் பெரும்பாலும் வேறு தரத்தின் விலையைச் சொல்வார்கள், கராஜ் பொய் சொல்லிவிட்டது என்று அவர் முடிவு கட்டுவார். டொயோட்டா சாமான் என்றால் பெட்டியில் உள்ள இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். அதன் முதல் ஐந்து இலக்கம் என்ன வகைச் சாமான் என்று சொல்லும், 04465 என்றால் முன் பிரேக் பேட், 48820 என்றால் லிங்க் ரொட். போனில் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய சாமானைப் பையில் போட்டுக் கொடுப்பதில் ஒரு ஓட்டை இருந்தது. அது அந்த வாகனத்தில் இருந்ததுதானா? கராஜ் மூலையில் கிடக்கும் பழைய இரும்புக் குவியலில் இருந்து ஒன்றைப் பொறுக்கிப் போட்டால் யாருக்குத் தெரியும்? அதற்கு உதவிப் பெடியன் ஒருவன்தான் வழி சொன்னான். கழற்றுவதற்கு முன், சாமான் வாகனத்திலேயே இருக்கும்போது, வெள்ளைப் பெயின்ட் பேனாவால் வாகன நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தை அதில் எழுதி ஒரு படம். கழற்றிய பிறகு அதே எழுத்தோடு பையில். எண்ணெய் படிந்த இரும்பில் பேனா பிடிக்காது, ஆகவே முதலில் துணியால் துடைத்து பிரேக் கிளீனர் அடிக்க வேண்டும். அந்த அரை நிமிட வேலையைத்தான் பாஸ்மார் அடிக்கடி தவிர்க்கப் பார்த்தார்கள்.

ஒரு பில், முழுவதுமாக

பம்பலப்பிட்டியில் வங்கியில் வேலை செய்யும் ஒரு அக்காவின் அக்ஸியோ. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் டக் டக் என்று சத்தம். வேறு இடத்தில் லோவர் ஆம் இரண்டும், ஷொக் அப்சோபர் இரண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அந்தப் பட்டியலோடு வந்தார்.

ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்த்தால் லிங்க் ரொட் இரண்டிலும் போல் ஜொயின்ட் கையால் ஆட்டினாலே ஆடுகிறது, அதை வீடியோ எடுத்து அனுப்பினோம். லோவர் ஆம் புஷ்ஷில் மேலோட்டமாக வெடிப்பு, கிழியவில்லை, அது அடுத்த சேர்விஸ் பிரிவுக்குப் போனது. ஷொக் அப்சோபரில் ஒயில் கசிவு இல்லை, அது பிரச்சினை இல்லை என்ற பிரிவு. ஒவ்வொரு தரத்துக்கும் விலை சொல்லி, அவர் ஜப்பானின் வேறு கம்பனிச் சாமானைத் தேர்ந்தார். சோடி 13,000, போய் வர 750, லேபர் 5,500. மொத்தம் 19,250.

பழைய முறையில் இதே வேலைக்கு என்ன வந்திருக்கும் என்று முதலாளியும் நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். சாமான் 16,500, லேபர் 2,000, மொத்தம் 18,500. அதாவது புது முறையில் அந்த அக்கா 750 ரூபா கூடவே கொடுத்தார். கராஜுக்கு முன்பு சாமானில் 3,500உம் லேபரில் 2,000உம் சேர்ந்து 5,500 வந்திருக்கும், இப்போது 6,250. மலிவாகி ஆட்களைப் பிடித்த கதை இல்லை இது.

அவரும் சும்மா விடவில்லை. "நாலு நட்டு கழட்டிப் பூட்ட அஞ்சாயிரத்து ஐந்நூறா தம்பி?" என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வைத்திருந்தோம், முதலாளி தயங்காமல் சொன்னார்: "அக்கா, முந்தி ரெண்டாயிரம் எண்டு எழுதிப்போட்டு மிச்சத்தைச் சாமானுக்க எடுத்தனாங்கள். இப்ப சாமானில ஒரு சதமும் இல்லை, கடை பில் அந்தா இருக்கு." அவர் பில்லை எடுத்துப் பார்த்தார், கடைக்குப் போன் பண்ணி அந்தப் பில்லைப் பற்றிக் கேட்டார், அங்கேயும் அதே விலை. காசைக் கட்டினார். சில மாதம் கழித்து அந்த லோவர் ஆம் புஷ்ஷுக்கு அவரே புக்கிங் போட்டார், அந்த முறை யாரையும் கூட்டி வரவில்லை.

பிறகு நடந்தது

முதல் இரண்டு மாதம் வருமானம் இறங்கியது. காரணம் போன்தான். ஆட்கள் போனில் கேட்பது "லேபர் எவ்வளவு" என்று மட்டும், எங்கள் லேபர் பக்கத்துக் கராஜைவிட இரண்டு மடங்கு, கேட்டதும் வைத்துவிடுவார்கள். போனில் இனி லேபரைத் தனியாகச் சொல்வதில்லை, வேலை முடிந்து கையில் வரும் மொத்தத் தொகையைத் தரத்துக்கு ஒன்றாகச் சொல்வது என்று மாற்றிய பிறகு அது நின்றது.

பஞ்சிகாவத்தையில் வழமையாக வாங்கிய ஒரு கடை உண்மையான விலையில் பில் எழுத மறுத்தது. வெற்று பில் தருகிறோம், நீங்களே நிரப்புங்கள் என்றார்கள். அதுவரை எல்லாக் கராஜுக்கும் அப்படித்தான் கொடுத்துப் பழக்கம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 2003இன் 9ஆம் இலக்கம், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்கிறது, ஆனால் தினமும் வாங்குகிற கடையோடு சட்டம் பேசிக்கொண்டு தொழில் செய்ய முடியாது. வேறு இரண்டு கடைகளுக்கு மாறினோம், ஒன்றில் விலை கொஞ்சம் கூடத்தான்.

முறையைச் சோதித்தது ஒரு வகன் ஆர். நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடும்போது நடுக்கம். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், படம், குறி, பை எல்லாம் ஒழுங்கு, நடுக்கம் அப்படியே இருந்தது. உண்மையில் எஞ்சின் மவுண்ட் அமர்ந்திருந்தது. எல்லாம் காட்டினாலும் நோயைத் தவறாகப் பிடித்தால் தவறுதான். பழைய பிளக்கின் முனை தேய்ந்திருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்ததால் பிளக்கின் விலையை அவர் ஏற்றுக்கொண்டார், அந்த லேபரைக் கராஜ் திருப்பிக் கொடுத்தது. கொடுக்கும்போது முதலாளியின் முகம் போன போக்கு வேறு விஷயம். அந்த வாடிக்கையாளர் இப்போதும் வருகிறார்.

ஒரு வருடத்துக்குள் தெளிவாக மாறியது, வாகனத்தின் பக்கத்தில் காவல் நிற்பது. சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் கூடினார்கள். கூகிள் மப்பில் எழுதுகிறவர்கள் விலையைவிடப் பையைப் பற்றியே எழுதினார்கள். விளம்பரத்துக்கு ஒதுக்கிய காசின் பாதிக்கு மேல் செலவாகவில்லை. அதே ஒழுங்கையில் இன்னொரு கராஜும் பழைய சாமானைப் பையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கியது, குறி இல்லாமல். முதலாளிக்குக் கோபம். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை, சாமானில் இலாபம் வைத்துக்கொண்டு கடை பில்லையும் குத்திக் கொடுக்க அவர்களால் முடியாது.

அடுத்த கராஜில் மாற்றிச் செய்வது

பாஸ்மாரின் சம்பளத்தை முதலில் மாற்றி, ஒரு மாதம் அவர்கள் கையில் அந்தக் காசு வந்த பிறகுதான் பலகையை ஏற்றுவேன். சொல்லிப் புரிய வைப்பதைவிடச் சம்பளப் பட்டியலைப் பார்ப்பது வேகமாக வேலை செய்யும், மூத்த பாஸும் நின்றிருக்கலாம். சுவரில் லேபரை மட்டும் எழுதாமல், மொத்தத் தொகையையும் பக்கத்தில் எழுதுவேன்.

வாக்குறுதி எதற்குப் பொருந்தாது என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். பையில் போட முடியாத வேலைகள் உண்டு. ஒயில் என்றால் சீல் உடைக்காத கலனின் படம், மிச்சத்தை ஆளுக்கே கொடுப்பது என்று ஓரளவு சமாளித்தோம். ஹைபிரிட் பேட்டரியில் மொத்தமாக மாற்றாமல் சில செல்களை மட்டும் மாற்றித் தருகிற இடங்களுக்கு அனுப்பினால், அந்தச் செல் எந்த வாகனத்தில் எவ்வளவு ஓடியது என்று கராஜுக்கே தெரியாது, ஆகவே அந்த வேலையை எடுப்பதில்லை. ஏசி காஸுக்கு நிரப்ப முன்னும் பின்னும் கேஜின் படம் அனுப்பிப் பார்த்தோம், ஆனால் எவ்வளவு காஸ் போனது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இப்போதைக்கு அந்த வேலை வெளியே ஒரு ஏசிக்காரரிடம் போகிறது, பில்லில் அவரது தொகை தனி வரியாக வருகிறது, கீழே "இது எங்கள் வேலை இல்லை, நாங்கள் சரிபார்க்கவில்லை" என்று எழுதியிருக்கும்.